“அப்பாடா, முடிந்தது”: இந்த வாக்கியத்தை உண்மையாக்குவது எது?

செல்வி

ஞானப்பல் ஒன்று பல நாளாகப் படுத்தியது. போன வெள்ளிக்கிழமை, 2024 ஜூன் 14, மாலை 3 மணிக்கு நாற்காலியில் சாய்ந்தேன், 3:40க்கு எழுந்தேன். வெளியே வந்து 4 மணிக்கு, கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு, வீட்டுக்காரரிடம் “அப்பாடா, முடிந்தது” என்றேன். அவர் கல்லூரியில் தத்துவம் படித்தவர், இந்த நேரத்திலாவது சும்மா இருந்திருக்கலாம். “நீ சொன்னதற்கு என்ன பொருள்? 3:40 என்பது 4:00க்கு முந்தியது, அவ்வளவுதானே. அது காலையிலும் உண்மைதான். காலையில் ஏன் அப்பாடா சொல்லவில்லை?” என்று கேட்டார். வாய் மரத்துப் போயிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. வலி தெளிந்து மூன்று நாளாகிறது, இன்னும் பதில் கிடைக்கவில்லை. அவர் சொன்னதில் எங்கோ ஓட்டை இருக்கிறது, ஆனால் எங்கே என்று தெரியவில்லை.

ஒளியாண்டு

ஓட்டையே இல்லை, அவர் சொன்னதுதான் சரி. 1905லேயே ஐன்ஸ்டீன் இதை முடித்துவிட்டார். எல்லாருக்கும் பொதுவான ‘இப்போது’ என்று ஒன்று கிடையாது. கணக்கே போட்டுக் காட்டுகிறேன். ஆண்ட்ரோமெடா நட்சத்திர மண்டலம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. நீங்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள், உங்களைக் கடந்து ஒருவர் அதன் திசையில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்துபோகிறார். உங்களுக்கு ‘அங்கே இந்த நொடியில் நடப்பது’ என்பதும் அவருக்கு ‘அங்கே இந்த நொடியில் நடப்பது’ என்பதும் நாலு நாளுக்குச் சற்று மேல் விலகி நிற்கும். நடை வேகத்துக்கே இந்த நிலை. அப்புறம் எதை வைத்து இது கடந்தது, இது நிகழ்வது, இது எதிர்காலம் என்று உலகத்தையே மூன்றாகப் பிரிப்பது? எல்லா நிகழ்ச்சிகளும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. முந்தியது பிந்தியது என்ற உறவு மட்டும்தான் உண்மை. காலம் ஓடுகிறது என்பது வெறும் மயக்கம்.

பழைய வாத்தியார்

ஒளியாண்டு தம்பி, கணக்கு சரி. அதிலிருந்து தாவிய தாவல் கொஞ்சம் நீளம். எல்லாருக்கும் பொதுவான ஒரு ‘இப்போது’வை இயற்பியலின் சமன்பாடுகளில் தேடினால் கிடைக்காது என்பதுதான் உங்கள் கணக்கு காட்டுவது. அப்படி ஒன்று இருக்கத்தான் செய்கிறது, நம்மால்தான் அளந்து கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒருவர் அடம்பிடித்தால் அந்தக் கணக்கு அவரைப் பொய்யாக்காது, சங்கடப்படுத்தும், அவ்வளவுதான். தவிர, செல்வியின் பல்லும் செல்வியின் வாயும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஆண்ட்ரோமெடா வரை போகாமலே இந்தக் கேள்வி நிற்கிறது.

செல்வி, உங்கள் வீட்டுக்காரர் செய்தது ஒரு மொழிபெயர்ப்பு. காலம் காட்டும் வாக்கியத்தை எடுத்து, அதிலுள்ள ‘முடிந்தது’ என்ற இறந்தகாலத்தை உரித்துவிட்டு, அந்த இடத்தில் தேதியையும் ‘முந்தியது’ என்ற சொல்லையும் வைத்தார். காலம் காட்டாத வாக்கியத்தின் அழகு என்னவென்றால், ஒருமுறை உண்மையானால் எப்போது சொன்னாலும் உண்மை. “ஜூன் 14, 3:40 என்பது ஜூன் 14, 4:00க்கு முந்தியது” என்பதைப் போன வருடம் சொல்லியிருந்தாலும் சரி, அடுத்த நூற்றாண்டில் சொன்னாலும் சரி. “முடிந்தது” அப்படியல்ல. அது காலையில் பொய், மாலையில் மெய்.

முந்தியது பிந்தியது என்ற வரிசை மட்டும்தான் உலகத்தில் உண்டு என்பவர்கள் காலம் காட்டாக் கொள்கைக்காரர்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அவர்களில் பலர் இந்த மொழிபெயர்ப்பை நம்பினார்கள். எல்லாக் காலம் காட்டும் வாக்கியங்களையும் இப்படி மாற்றிவிடலாம், ஒன்றும் குறையாது என்றார்கள். ஆர்தர் பிரையர் என்ற நியூசிலாந்துத் தத்துவவாதி 1959இல் அதற்குக் கேட்ட கேள்விதான் இப்போது நீங்கள் கேட்பது. வேதனையான ஒன்று முடிந்ததும் ‘அப்பாடா’ என்கிறோமே, எதற்காக? இந்தத் தேதி அந்தத் தேதிக்கு முந்தியது என்பதற்காகவா? அதற்குப் போய் யாராவது பெருமூச்சு விடுவார்களா? ‘அது முடிந்ததும் நான் இதைச் சொல்வதும் அடுத்தடுத்து நிகழ்கின்றன’ என்று மாற்றிப் பாருங்கள். அதற்கும் யாரும் நிம்மதி அடையமாட்டார்கள். நிம்மதி ‘முடிந்தது’ என்பதற்குத்தான். அதை உரித்த பிறகு நிம்மதிக்கான காரணமும் சேர்ந்து போய்விடுகிறது. ஆக மொழிபெயர்ப்பு தோற்றது. அந்தமட்டில் உங்கள் வீட்டுக்காரரும் தோற்றார்.

இலக்கணப்பித்தன்

இந்த விஷயத்தில் நம் இலக்கணம் எங்கேயோ போய்விட்டது ஐயா. வினைத்தொகை என்று ஒன்று இருக்கிறதே! வளர்பிறை என்றால் வளர்ந்த பிறை, வளர்கின்ற பிறை, வளரும் பிறை மூன்றும்தான். காலம் கரந்த பெயரெச்சம் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. காலம் காட்டும் இடைநிலையே இல்லாமல் ஒரு வினை தமிழில் நிற்கிறது. ‘மலை நிற்கும்’, ‘ஞாயிறு இயங்கும்’ என்று உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டும் அதே வகைதான், முக்காலத்துக்கும் பொதுவானதை ஒரே வினைமுற்றால் சொல்லிவிடுகிறோம். “இரண்டும் மூன்றும் ஐந்து” என்பதில் வினையே கிடையாது. காலம் காட்டாத வாக்கியத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ‘பிடுங்குபல்’ என்று ஒரு தொகை போட்டுவிட்டால் செல்வி அம்மாவின் பிரச்சினை தீர்ந்தது.

செல்வி

பிடுங்குபல்! இதை இன்று இரவே வீட்டில் சொல்லப்போகிறேன்.

பழைய வாத்தியார்

இலக்கணப்பித்தன், நல்ல இடத்தில் கைவைத்தீர்கள், ஆனால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்த மூன்றும் ஒன்றல்ல.

“இரண்டும் மூன்றும் ஐந்து” உண்மையிலேயே காலத்தோடு சம்பந்தமில்லாதது. ‘எப்போது ஐந்து?’ என்ற கேள்வியே அங்கே எழாது. ‘மலை நிற்கும்’ அப்படியல்ல, நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது, நாளையும் நிற்கும் என்று மூன்று காலத்தையும் சேர்த்துச் சொல்வது. வளர்பிறையில் மூன்றும் ஒளிந்திருக்கின்றன. ‘கரந்த’ என்றால் மறைந்த என்றுதான் பொருள், இல்லாத என்று அல்ல. விரித்துச் சொல் என்றால் ‘வளர்ந்த, வளர்கின்ற, வளரும்’ என்று மூன்று காலத்தையும் வைத்துத்தான் விரிக்கிறோம்.

இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. கடந்தது, நிகழ்வது, வரப்போவது என்ற வேறுபாடு உலகத்திலேயே உண்டு என்கிற காலம் காட்டும் கொள்கைக்காரர் இதே வழியாகத்தான் உள்ளே வருவார். “3:40 என்பது 4:00க்கு முந்தியது என்கிறீர்களே, அந்தப் ‘பல் பிடுங்கல் 3:40க்கு முடிகிறது’ என்பதில் உள்ள ‘முடிகிறது’ என்ன காலம்?” என்று கேட்பார். நிகழ்காலம் இல்லை என்பீர்கள். “அப்படியென்றால் முடிந்தது அல்லது முடிகிறது அல்லது முடியும், இந்த மூன்றில் ஏதோ ஒன்று என்றுதானே பொருள்?” என்பார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் தீர்ந்தது, காலம் காட்டாத வாக்கியம் என்று நீங்கள் வைத்திருந்தது மூன்று காலம் காட்டும் வாக்கியங்களை ‘அல்லது’ போட்டுக் கட்டிய மூட்டையாகிவிடும். அடிப்படை காலம் காட்டும் வாக்கியம்தான் என்று அவர் எழுந்து போய்விடுவார். அதனால் மறுதரப்பார் தலையாட்டக் கூடாது. ‘வடக்கே இருக்கிறது’ என்பதில் எப்படி இங்கே, அங்கே என்ற பேச்சு இல்லையோ, அப்படி ‘முந்தியது’ என்பதிலும் இப்போது, அப்போது என்ற பேச்சு இல்லை என்று நிற்கவேண்டும். அதில் நிற்க முடியுமா என்பதில்தான் பாதிச் சண்டை.

மலர்விழி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு 20ஆம் தேதி தேர்வு முடிவு வருகிறது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், எதிர்காலமும் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, அவள் தேறுவதோ தவறுவதோ ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்றுதானே ஆகிறது? அப்படியானால் நாம் கவலைப்படுவதிலும் வேண்டிக்கொள்வதிலும் என்ன பொருள்? தலையெழுத்து என்பதைத்தான் இவ்வளவு சுற்றிவளைத்துச் சொல்கிறீர்களா?

பழைய வாத்தியார்

இல்லை அம்மா. நிறையப் பேர் தடுக்கிவிழும் இடம் இது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். உங்கள் வாக்கியத்தில் ‘ஏற்கெனவே’ என்ற ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது. அது காலம் காட்டும் சொல், ‘இப்போதைக்கு முன்பே’ என்று பொருள். காலம் காட்டாக் கொள்கை சொல்வது “20ஆம் தேதி முடிவு வருகிறது, அதில் இன்னது இருக்கிறது” என்பது வரைதான். அந்த நிகழ்ச்சி 20ஆம் தேதியில் இருக்கிறது, இன்றைக்கு எங்கேயும் ஒளிந்து உட்கார்ந்திருக்கவில்லை. ஏற்கெனவே என்பதைச் சேர்த்தது நீங்கள்.

இன்றைய நிலைமை 20ஆம் தேதியின் முடிவை வேறு வழியில்லாமல் கட்டிப்போடுகிறதா என்பது தனிக் கேள்வி. காலம் காட்டாக் கொள்கையை ஏற்றுக்கொண்டே ஒருவர் ‘இல்லை, கட்டிப்போடவில்லை’ என்று சொல்லலாம். எதிர்காலம் பற்றிய வாக்கியம் இன்றே மெய்யோ பொய்யோ ஆகிவிடுமா என்ற கேள்வி நாளைய கடற்போரை வைத்து அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே கேட்கப்படுகிறது. எதிர்காலம் திறந்தே கிடக்கிறது, அதைப் பற்றிய சில வாக்கியங்கள் இன்று மெய்யும் இல்லை பொய்யும் இல்லை என்பவர்கள் பெரும்பாலும் காலம் காட்டும் கட்சியில்தான் இருப்பார்கள். மகள் நன்றாக எழுதியிருந்தால் அவள் எழுதியதால்தான் தேறுகிறாள். ‘எழுதினாலும் எழுதாவிட்டாலும்’ என்று சொல்வதுதான் தலையெழுத்து. அதை இங்கே யாரும் சொல்லவில்லை.

மலர்விழி

சரி ஐயா. முழுதும் புரிந்தது என்று சொல்லமாட்டேன். ‘ஏற்கெனவே’ என்பது புரிந்தது.

ஒளியாண்டு

வாத்தியார் ஐயா, மொழிபெயர்ப்பு தோற்றது என்றால் காலம் காட்டும் கொள்கை ஜெயித்தது என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டதே? இயற்பியலை என்ன செய்வது?

பழைய வாத்தியார்

அப்படி ஆகவில்லை, அதைச் சொல்லத்தான் வந்தேன். மொழிபெயர்ப்பு கைவிட்டுப்போனதும் காலம் காட்டாக் கட்சி கட்டிய புதுவீடு ஒன்று இருக்கிறது. ஹியூ மெல்லர் 1981 வாக்கில் அதை நன்றாகக் கட்டிக் காட்டினார். வாக்கியத்தின் பொருள் ஒன்று, அதை உண்மையாக்கும் உலகச் செய்தி வேறு. பொருளை மொழிபெயர்க்க முடியாது என்று ஒப்புக்கொண்டே, உண்மையாக்குவது காலம் காட்டாத செய்திதான் என்று சொல்லலாம்.

செல்வியின் வாக்கியத்தையே வைத்துப் பார்ப்போம். அவர் “முடிந்தது” என்பதை அன்றைக்கு மூன்று முறை சொன்னதாக வையுங்கள். காலை 9 மணிக்குப் படுக்கையறையில் ஒருமுறை, 3:20க்கு நாற்காலியில் ஆசைப்பட்டு ஒருமுறை, 4 மணிக்கு வெளியே வந்து ஒருமுறை. விதி ஒன்றே ஒன்று: இந்த வாக்கியத்தை எந்த நேரத்தில் சொன்னாலும், வேலை முடிகிற நேரம் அதற்கு முந்தியது என்றால் சொன்னது மெய், இல்லாவிட்டால் பொய். 3:40 என்பது 9:00க்கு முந்தியதா? இல்லை, பொய். 3:20க்கு முந்தியதா? இல்லை, பொய். 4:00க்கு முந்தியதா? ஆமாம், மெய். இந்த மூன்று பதிலிலும் ‘இப்போது’ என்ற சொல் எங்காவது வந்ததா? வாக்கியம் மாலையில் மெய்யாவதற்கு உலகத்தில் புதிதாக எதுவும் ‘கடந்ததாக மாற’ வேண்டியிருக்கவில்லை.

‘நான்’ என்ற சொல்லைப் போலத்தான் இது. ‘எனக்குப் பல் வலிக்கிறது’ என்று செல்வி சொன்னால் மெய், நான் சொன்னால் பொய். அதற்காக உலகத்தில் ‘நான்-தன்மை’ என்று ஒன்று செல்வியிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யாரும் சொல்வதில்லையே.

காலையில் ஏன் அப்பாடா வரவில்லை என்பதற்கும் இதிலேயே ஒரு பதில் இருக்கிறது. ஜான் பெரி 1979இல் சொன்ன எடுத்துக்காட்டு: கூட்டம் பன்னிரண்டு மணிக்கு என்று ஒரு பேராசிரியருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார். திடீரென்று ‘அடடா, இப்போதே தொடங்குகிறதே’ என்று எழுந்து ஓடுகிறார். கூட்டத்தைப் பற்றி அவருக்குப் புதிய செய்தி ஒன்றும் கிடைக்கவில்லை. மனத்தில் ‘இப்போது’ என்ற நம்பிக்கை வந்தது, கால் நகர்ந்தது. தேதியை எவ்வளவு மனப்பாடம் செய்தாலும் கால் நகராது. செல்விக்கும் அப்படித்தான். காலையில் அவரால் ‘முடிந்தது’ என்று மெய்யாக நம்ப முடியாது, மாலையில் முடியும். நிம்மதி அந்த நம்பிக்கையோடு வருகிறது.

எதிர்க்கட்சி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். வாத்தியார் கையில் கேள்வி கொஞ்சம் நழுவிவிட்டது. நிம்மதி எப்போது வருகிறது என்பதை விளக்கினார். நிம்மதி எதைப் பற்றியது என்பதைத்தானே பிரையர் கேட்டார்? எழுந்து ஓடிய பேராசிரியரின் கதை, கால் ஏன் நகர்ந்தது என்பதை விளக்குவதற்குச் சரி. செல்வி 4 மணிக்குச் செய்யவேண்டியது ஒன்றுமில்லையே, சும்மா நின்று மூச்சுவிட்டார். ‘என் மனத்தில் ஒரு நம்பிக்கை தோன்றியது, அதற்காக அப்பாடா’ என்றா நினைத்தார்? வலி போனதற்காக அப்பாடா.

டெரக் பார்ஃபிட்டின் எடுத்துக்காட்டை இங்கே போட்டுப்பாருங்கள். ஆஸ்பத்திரியில் கண்விழிக்கிறீர்கள், நினைவு கலங்கியிருக்கிறது. நேற்றுப் பத்து மணி நேரம் வேதனையான அறுவை நடந்து முடிந்திருக்கலாம், அல்லது இன்று ஒரு மணி நேரம் நடக்கப்போகலாம், எது என்று நர்ஸ் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லப்போகிறார். நேற்றே நடந்திருக்கட்டும் என்றுதானே வேண்டிக்கொள்வீர்கள்? மொத்த வாழ்க்கையில் ஒன்பது மணி நேரம் கூடுதல் வேதனை என்றாலும் அதுதான் வேண்டும் என்கிறோம். கடந்தது, வரப்போவது என்ற வேறுபாடு உலகத்தில் இல்லை, வெறும் முன்பின் வரிசைதான் இருக்கிறது என்றால் இந்த ஆசை பைத்தியக்காரத்தனம். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை.

ஒளியாண்டு

பரிணாமம் ஐயா. வரப்போகும் வலிக்குப் பயப்படுகிற உயிர் தப்பிக்கும், போன வலிக்குப் பயப்படுகிற உயிருக்கு அதனால் லாபமில்லை. அப்படியே வார்த்துவிட்டது.

எதிர்க்கட்சி

எப்படி வந்தது என்பதற்கு அது பதில். சரிதானா என்பதற்கு அல்ல. தவிர, நம்மால் தடுக்கவே முடியாத வலிக்கும் அப்படித்தான் பயப்படுகிறோம்.

பழைய வாத்தியார்

எதிர்க்கட்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்கமாட்டேன். ‘அப்பாடா’ என்பது எதைப் பற்றியதும் இல்லை, அது நிம்மதியின் வெளிப்பாடு மட்டும், தலைவலி விட்டதும் தோள் தளர்வதைப்போல, என்று மெல்லர் பதில் சொன்னார். படிக்கும்போது சரி என்று தோன்றும். புத்தகத்தை மூடி வைத்ததும் ‘முடிந்ததே என்று நிம்மதி’ என்கிற அந்த ‘என்று’ நெருடும். அவர் கட்சியிலேயே எல்லாருக்கும் அது போதவில்லை, நம்பிக்கையைப் பற்றியதுதான் நிம்மதி என்று வேறு வழி பார்த்தவர்களும் உண்டு.

ஆனால் உங்கள் பக்கத்திலும் கணக்குத் தீரவில்லை. கடந்தது என்பது உலகத்திலேயே உள்ள தன்மை என்றால், அந்தப் பல் பிடுங்கல் ஒரு காலத்தில் எதிர்காலமாக இருந்தது, நிகழ்ந்தது, கடந்தது. மூன்று தன்மையும் அதற்கு உண்டு, மூன்றும் ஒன்றுக்கொன்று ஆகாது. ‘ஒரே சமயத்தில் இல்லையே, முன்பு எதிர்காலமாக இருந்தது, இப்போது கடந்ததாக இருக்கிறது’ என்பீர்கள். அந்த ‘இருந்தது’, ‘இருக்கிறது’ எல்லாம் மறுபடியும் அதே மூன்று. மெக்டகார்ட் என்ற தத்துவவாதி 1908இல் போட்ட முடிச்சு இது. அவர் அதிலிருந்து காலமே பொய் என்று போனார், அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். முடிச்சு மட்டும் அப்படியே இருக்கிறது.

எதிர்க்கட்சி

அது முடிச்சே இல்லை. ‘இருந்தது’ என்பதை அடிப்படையாக எடுத்துக்கொண்டால், அதற்கு மேல் அவிழ்க்க ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் காலம் காட்டாத மொழியில் சொல்லிக் காட்டு என்று கேட்பவருக்குத்தான் அது முடிச்சு. பிரையரே அப்படித்தான் ‘இருந்தது’, ‘இருக்கும்’ என்பவற்றை வைத்தே ஒரு தருக்கமுறை கட்டினார்.

இலக்கணப்பித்தன்

எதிர்க்கட்சிக்கு என் ஓட்டு. பிடுங்குபல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

செல்வி

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயாவின் விதியை வீட்டில் சொன்னேன், வீட்டுக்காரர் ‘அதைத்தான் நான் சொன்னேன்’ என்றார். அதைச் சொல்லவில்லை, மொழிபெயர்ப்பைத்தான் சொன்னார், விடவில்லை நான்.

அப்புறம் ஒன்று. தையல் பிரிக்க 21ஆம் தேதி 11 மணிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். மறக்கக் கூடாதென்று 20ஆம் தேதி இரவு ஒரு துண்டுச்சீட்டில் “நாளை 11 மணி, தையல்” என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். வெள்ளி காலையில் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, நாளைக்குத்தானே என்று வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். நான் ஆட்டோ பிடித்துப் போய் வந்தேன். சீட்டு இன்னும் கதவில்தான் இருக்கிறது. வாத்தியார் ஐயாவின் விதிப்படி, ‘சொன்ன நேரம்’ என்பது நான் எழுதிய இரவா, அவர் படித்த காலையா? எழுதிய இரவு என்றால் சீட்டு மெய், தவறு அவர் பேரில். படித்த காலை என்றால் சீட்டு பொய், தவறு என் பேரில். இன்றைக்கு அதையே கையில் வைத்துக்கொண்டு சண்டை போட்டோம்.

பழைய வாத்தியார்

இரண்டுக்கும் ஆள் இருக்கிறது அம்மா. “நான் இப்போது வீட்டில் இல்லை” என்று தொலைபேசியில் பதிவுசெய்து வைப்பார்களே, அதைப் பதிவுசெய்யும்போது அவர் வீட்டில்தான் இருக்கிறார். எழுதிய நேரத்தைத்தான் எடுக்கவேண்டும் என்றால் அந்தப் பதிவு எப்போதுமே பொய்யாகிவிடும். அதனால் சில இடத்தில் கேட்கிற நேரத்தை எடுத்தே ஆகவேண்டும். எந்த இடத்தில் எது என்று என் விதி சொல்லவில்லை. சீட்டில் தேதி போட்டிருக்கலாம்.

செல்வி

தேதி போட்டிருந்தால் ‘இன்றைக்கு என்ன தேதி’ என்று கேட்டிருப்பார்.